"ஒருநாள் சந்திப்போம்" என்பவரிடம் நாள் குறிப்பது எப்படி?

முன்பு எனக்கு மேலாளராக இருந்தவர், என் பொங்கல் வாழ்த்துக்கு மறுமொழியாக "ஒருநாள் அவசியம் சந்திப்போம்" என்று எழுதினார். ஆடி பிறந்த பின்னும் அந்த நாள் அமையவில்லை. எப்போது வசதிப்படும் என்று கேட்டால் "சொல்கிறேன் தம்பி" என்கிறார், தொலைபேசியில் அழைத்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். அன்பாகவே பேசுவதால் தவிர்க்கிறார் என்று தோன்றவில்லை. நாளைத் தேடும் பொறுப்பு அவரிடமே இருப்பதால்தான் தள்ளிப்போகிறது என்று கருதுகிறேன்.

அவர் அலுவலகம் கிண்டியில், நான் தாம்பரத்தில். கட்டுமானத் தளப் பணியிலிருந்து கட்டமைப்பு வடிவமைப்புக்கு மாற விரும்புகிறேன். நான் தயாரித்த வரைபடங்களைக் காட்டி, அதற்கு நான் தயாரா என்று அவரிடம் கேட்பதே சந்திப்பின் நோக்கம். இதுவரை அதை அவரிடம் சொல்லவில்லை. அனுப்ப எழுதிவைத்திருக்கும் செய்தி இது:

"வணக்கம் சார். வரும் செவ்வாய் அல்லது வியாழன் மாலை 6 மணிக்கு, உங்கள் அலுவலகத்துக்கு அருகிலேயே வந்துவிடுகிறேன். அரை மணி நேரம் போதும். எந்த நாள் சரிப்படும்?"

வேலை கேட்டு வருகிறேன் என்று அவர் எண்ணிவிடாதபடி, நோக்கத்தை இச்செய்தியில் எந்தச் சொற்களில் சேர்க்கலாம்?