டவுன்டைம் மெயில்ல "சனி 12 மணி"ன்னு போட்டு மாட்டுனது

குடோன்ஐடி
ரெண்டு வருஷமாச்சு, அந்த போன் கால் இன்னும் காதுல கேக்குது. ஈஆர்பி பேட்ச்சுக்கு நான்தான் மெயில் போட்டேன், "சனி 12:00 ஏஎம் முதல் 6:00 ஏஎம் வரை சர்வர் பராமரிப்பு, சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு. வெள்ளி ராத்திரி 12.10க்கு சூப்பர்வைசர் அண்ணன், "தம்பி, நாலு லாரி கேட்ல நிக்குது, இன்வாய்ஸ் வரமாட்டேங்குது, ஒரு டிரைவர் டயர் பக்கத்துல துண்ட விரிச்சு படுத்துட்டாரு"ங்குறாரு. மெயில் பாக்கலையாண்ணேன்னேன். "பாத்தேன்பா, அது நாளைக்கு ராத்திரிதானே?" நான் வாயே தொறக்கல.

அடுத்த பேட்ச்சுக்கு இப்டி மாத்தி எழுதுனேன். தலைப்புலயே: "வெள்ளி ராத்திரி 11.30ல இருந்து சனி காலை 6 வரை இன்வாய்ஸ் போட முடியாது". உள்ள: "ராத்திரி கெளம்புற லாரிக்கு 11 மணிக்குள்ள இன்வாய்ஸ் பிரிண்ட் எடுத்து, இ-வே பில் பார்ட் ஏ-வும் போட்ருங்க. வண்டி நம்பர் லேட்டா தெரிஞ்சா ewaybillgst.gov.in-ல நேரா போய் பார்ட் பி போடலாம், அது நம்ம சர்வர் இல்ல. வர்ற சரக்க ரிஜிஸ்டர்ல எழுதி வைங்க, காலைல ஏத்திக்கலாம். ஆஃபீஸ் மெயிலும் கேட் பஞ்சிங்கும் எப்பவும்போல ஓடும்." டேட்டாபேஸ்ங்குற வார்த்தையே இல்ல.

ராஜா_நெட்
24 மணி கணக்குல 00:00னு போட்டிருந்தா இந்தக் குழப்பமே இல்லயே ப்ரோ

ரியாத்வாசி
அது ஏஎம் பிஎம் குழப்பத்த தான் தீக்கும், சனி 00:00ன்னாலும் எந்த ராத்திரின்னு அதே கேள்விதான். 11.30னு தள்ளுனதுதான் சரி. எங்க கதை வேற, இந்தியா டீம் "ஞாயிறு காலை 10 மணி"ன்னு போட்டாங்க, எந்த ஊரு 10னு போடல. இங்க ஞாயிறு வேலை நாள்ங்க! 7.30க்கே சிஸ்டம் போச்சு, எட்டு மணிக்கு வந்த சம்பள செக்‌ஷன் அக்கா நோட்டீஸ ஸ்க்ரீன் பக்கத்துல புடிச்சுக்கிட்டு "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே"ன்னு நிக்கிறாங்க

ஆடிட்டர்பையன்
இ-வே பில் சைட்டே படுத்துக்கிட்டா யாரு மெயில் போடுவா? மாசக் கடைசில ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தேன்

பழைய_டிபிஏ
கேக்காமலே சொல்றேன். 6 மணின்னு போட்டியே, அது எப்டி வந்துச்சு? பேட்ச் மூணு மணி நேரம், சொதப்புனா பேக்கப்ல இருந்து திருப்ப ரெண்டு மணி, அப்புறம் ஒரு இன்வாய்ஸ் போட்டுப் பாக்க அரை மணி, எல்லாம் கூட்டித்தான் மெயில்ல நேரம் போடணும், நெறய பேரு பேட்ச் நேரத்த மட்டும் போட்டுட்டு 3 மணிக்கு "இன்னும் ஒரு மணி நேரம்"னு அடுத்த மெயில் தட்டுவான், அதுக்கப்புறம் உன் மெயில எவனும் நம்பமாட்டான். சீக்கிரம் முடிஞ்சாலும் "ரெடி"ன்னு மெசேஜ் வராம யாரும் உள்ள போகக் கூடாதுன்னு எழுது, டெஸ்ட் பண்றப்ப ஒருத்தன் என்ட்ரி போட்டு, நாம பழசுக்கே திருப்புனா அவன் என்ட்ரி அம்போ. அப்புறம் மெயில பிரிண்ட் எடுத்து செக்யூரிட்டி ரூம்ல ஒட்டு, லாரிக்காரரு மெயிலா பாக்குறாரு?

குடோன்ஐடி
ஒட்டுனேண்ணே. அடுத்த தடவ எடத்த மாத்தணும், அதுமேலயே டீக்கடை கணக்கு எழுதி வச்சிருந்தாங்க