புதுப்பிப்பு: ஆர்டர் விவரங்கள் கசிந்ததை வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது

என் கேள்வி: "எங்கள் ஜவுளிக்கடையின் ஆர்டர் பேக்கப் கோப்பு, சர்வர் நிறுவனத்தின் தவறால் இணையத்தில் திறந்து கிடந்தது. வாடிக்கையாளர்களுக்கு என்ன எழுதுவது?"

உதவிய அனைவருக்கும் நன்றி. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட உத்தரவின்படி, 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு முதலில் தெரிவித்தோம்.

"லிங்க் எதையும் வைக்காதீர்கள், மோசடிக்காரர்கள் உங்கள் கடிதத்தையே நகலெடுப்பார்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பெரிதும் உதவியது. பெயர், கைபேசி எண், முகவரி, வாங்கிய பொருள் ஆகியவை வெளியாகியிருக்கலாம் என்றும், கார்டு எண்களை நாங்கள் சேமிப்பதில்லை என்றும் எழுதினோம். அடுத்து, "நீங்கள் வாங்கிய சேலையின் விலையைச் சரியாகச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தருவதாக யாராவது ஓடிபி கேட்டால், அது நாங்கள் அல்ல, பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்" என்று சேர்த்தோம்.

கடவுச்சொல் கசியாததால் அறிவிப்பே தேவையில்லை என்று பதில்களில் வந்த கருத்து பாதிதான் சரி. கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனால் அத்தகைய அழைப்புகள் உண்மையிலேயே சிலருக்கு வந்தன. தன் வங்கிக் கார்டை முடக்கியது பற்றிப் பதிலில் எழுதிய நண்பரின் வழி, கார்டு எண்கள் எங்களிடம் இல்லாததால் இங்கே பொருந்தவில்லை.

எதிர்பாராதது, எங்கள் கடிதத்தையே மோசடி என்று எண்ணிப் பலர் கடைக்கு அழைத்ததுதான். பில்லில் அச்சிட்ட எண்ணில் விசாரிக்கலாம் என்ற வரியை அதன் பிறகே சேர்த்தோம். முதல் கடிதத்திலேயே அது இருப்பது நல்லது. எண் மாறிய பழைய வாடிக்கையாளர்களை எட்டும் வழி இன்னும் கிடைக்கவில்லை.