"மறையும் செய்தி" என்பதை மாற்றலாமா?

கல்லடியிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். செயலிகளைத் தமிழாக்கும்போது, குறித்த நேரம் முடிந்ததும் செய்திகள் தானாக நீங்கும் வசதிக்கு "மறையும் செய்திகள்" என்று போட்டு வருகிறோமே, அந்தச் சொல்லை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போன மாதம் என் தங்கச்சி ஒரு விண்ணப்பத்துக்காக அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, டவுனில் ஒரு கொமினிகேசன் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். 24 மணித்தியாலம் போட்டுத்தான் அனுப்பினாள். அடுத்த நாள் அவளுடைய போனில் படம் இல்லை, நிம்மதி. மூன்று நாள் கழித்து இன்னொரு பிரதிக்குப் போனால், கடைத் தம்பி கணினியில் Downloads கோப்புறையைத் திறந்து அதே படத்தை அடித்துக் கொடுக்கிறார். பிரிண்ட் எடுக்க வட்ஸ்அப் வெப்பில் இறக்கியது அங்கேயே கிடந்திருக்கிறது, பக்கத்தில் வேறு எத்தனையோ பேருடைய அட்டைகள். அவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்கவில்லை. "மறையும்" என்ற சொல்லை நம்பித்தான் அவள் அனுப்பினாள்.

அக்கரைப்பற்றிலிருந்து

"தானழி செய்தி" என்று வைப்போமே, சுருக்கமாக இருக்கிறது. ஆனால் தங்கச்சி ஏன் பயப்பட வேண்டும், எல்லாம் மறைகுறியாக்கம் செய்துதானே போகிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் குடும்பக் குறூப்பில் யாரோ 90 நாள் என்று போட்டுவிட்டார்கள், பேரப்பிள்ளையின் சோறூட்டுப் படமெல்லாம் போய்விட்டது. அதைத் திருப்பி எடுக்க வழி உண்டா?

கல்முனையிலிருந்து

ரீச்சர், அது போனது போனதுதான், யாராவது தங்கள் போனில் எடுத்து வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். இனி நேரத்தை அட்மின் மட்டும் மாற்றலாம் என்று குறூப்பில் வைத்துவிடலாம்.

அக்கரைப்பற்றுத் தம்பி சொன்னது பாதி சரி. மறைகுறியாக்கம் வழியில் யாரும் பார்க்காமல் காக்கும், வந்து சேர்ந்த பிறகு கடைக்காரரின் திரையில் அது வெறும் படம். "மறை" என்ற வேர் இரண்டிலும் இருப்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. "தானழி" இன்னும் மோசம், எல்லாப் பிரதியும் அழியும் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த மணிக்கூடு தொடுவது அந்த உரையாடலுக்குள் இருப்பதை மட்டும்தான். இறக்கிய கோப்பு, ஸ்கிரீன்சொட், நேரம் போடாத வேறொரு உரையாடலுக்கு அனுப்பிவைத்த பிரதி, எதுவும் அதன் கைக்கு எட்டாது. சிக்னல் செயலிக்காரர் இந்த வசதியை 2016இல் கொண்டுவந்தபோதே எதிராளியை நம்பாத இடத்துக்கு இது இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து பழையதைக் கழிக்கத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே "நீக்கத் தவணை" என்கிறேன். "உரையாடலின் நீக்கத் தவணை: 7 நாள்" என்று திரையில் வந்தால், எங்கிருந்து நீங்குகிறது என்பதும் தெரிகிறது.

களுவாஞ்சிகுடியிலிருந்து

தவணை என்றால் பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சைதான் ஞாபகம் வரும். "நீக்கக் கெடு"?

கல்லடியிலிருந்து

"கெடு" எனக்குக் கெட்டுப்போனது மாதிரிக் கேட்கிறது, ரீச்சர். தவணைக்கே என் ஆதரவு. ஆனால் வட்ஸ்அப்பில் நேரக் கணக்கு செய்தியை அனுப்பியதிலிருந்தே தொடங்குகிறது, சிக்னலில் வாங்குபவருக்கு அவர் பார்த்த பிறகுதான். பார்க்காமலே ஒரு மாதம் கிடந்தால் அது அவருடைய போனில் அப்படியே இருக்கும். இந்த இரண்டுக்கும் ஒரே சொல் போடலாமா?