குட்வில் தேய்மானம்: வாடிக்கையாளர் ஒப்பந்தங்களைத் தனியாகக் காட்டலாமா?

வணக்கம். எங்கள் நிறுவனம் ஒரு மசாலா வியாபாரத்தை முழுவதுமாக வாங்கியது. வணிகச் சின்னத்துக்கு 30 லட்சம், குட்வில்லுக்கு 50 லட்சம். கணக்குப் புத்தகத்தில் குட்வில்லை ஐந்தாண்டுகளில், ஆண்டுக்கு 10 லட்சமாகக் கழிக்கிறோம். வரிக் கணக்கில் அந்தப் பத்து லட்சத்தை லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். 2021 நிதிச் சட்டம் குட்வில் தேய்மானத்தை நிறுத்திவிட்டது. அதன் மதிப்பு குறைய வேண்டும் என்பதில்லை, கூடவும் செய்யலாம் என்பது அரசின் வாதம். புத்தகமோ, கொடுத்த விலையைப் பலன் தரும் ஆண்டுகளுக்குப் பங்கிடுகிறது. வரிக் கணக்கில் சின்னத்துக்கு மட்டும் 25 சதவீதத் தேய்மானம், முதலாண்டில் ஏழரை லட்சம் கிடைக்கிறது.

குட்வில்லுக்குள் இருக்கும் விநியோக ஒப்பந்தங்களை மதிப்பீட்டாளர் 20 லட்சம் என்று பிரித்துத் தருகிறார். வணிக உரிமையாகக் காட்டி 25 சதவீதம் கோரினால், குட்வில்லுக்கே வேறு பெயர் என்று அதிகாரி நிராகரிப்பாரா? அனுபவமுள்ள ஆடிட்டர்கள் சொல்லுங்கள்: எந்த ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்?