யூபிஎன்பியை அணைத்த பிறகும் போர்ட் திறந்தே இருக்கிறது, எப்படி மூடுவது?

மாடிப்படி:
கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறக்கச் சொல்லும் யூபிஎன்பி வசதியை ரூட்டரில் அணைத்துச் சேமித்துவிட்டேன். ஆனாலும் வெளியிலிருந்து பார்த்தால் 8000, 554 இரண்டும் திறந்தே இருக்கின்றன. நான் எதையும் திறக்கவில்லை. எப்படி மூடுவது? கொஞ்சம் அவசரம்.

தண்டவாளம்:
என்ன ரூட்டர்? ஒன்றா, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டா? வீட்டில் கேமரா ரெக்கார்டர் இருக்கிறதா? "வெளியிலிருந்து" என்றால் எங்கிருந்து? சொந்த வைஃபையில் இருந்துகொண்டே பொது ஐபியைச் சோதித்தால் ரூட்டர் வேறு மாதிரி பதில் சொல்லும். மொபைல் டேட்டாவில் இருந்து பார்க்க வேண்டும்.

கடப்பாறை:
தம்பி, இந்தக் கேள்வி இங்கே வாரம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. 8000, 554 என்றாலே கேமராதான், வேறென்ன. ரூட்டரை அணைத்துப் போடுங்கள், சரியாகிவிடும்.

நிலாமுற்றம்:
ரூட்டர் ஃபயர்வாலில் யூடிபி 1900ஐத் தடுத்துவிடுங்கள். எல்லாக் கருவியும் ரூட்டரைத் தேடுவது அந்தப் போர்ட்டில்தான். தேடவே முடியாவிட்டால் எதைத் திறக்கும்?

தண்டவாளம்:
@நிலாமுற்றம் பாதி சரி. 1900 என்பது "ரூட்டர் யார்?" என்று கூவிக் கேட்பதற்கு மட்டும். போர்ட்டைத் திறக்கும் கட்டளை வேறொரு டிசிபி போர்ட்டில் சாதாரண எச்டிடிபியாகப் போகிறது. அந்த முகவரியை ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கும் கருவி, கூவாமலே நேராகப் போய்க் கேட்கலாம். அதோடு, வீட்டுக்குள்ளிருந்து ரூட்டருக்கே வரும் பாக்கெட்டை அந்த ஃபயர்வால் பக்கம் தொடுமா என்பதும் ரூட்டருக்கு ரூட்டர் மாறும்.

கீரிப்பிள்ளை99:
நான் யூபிஎன்பியை அணைத்ததும் கன்சோலில் நேட் டைப் ஸ்ட்ரிக்ட் ஆகிவிட்டது. நண்பர்களோடு சேரவே முடியவில்லை. அதனால் அணைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

மாடிப்படி:
ரூட்டர் ஒன்றுதான், இணைய நிறுவனம் கொடுத்தது. மொபைல் டேட்டாவில்தான் பார்த்தேன். கேமரா ரெக்கார்டர் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். ரூட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று, அப்படியேதான் இருக்கிறது.

தண்டவாளம்:
சரி, இதுதான் நடந்திருக்கும். ரெக்கார்டர் முன்பே ரூட்டரிடம் கேட்டு 8000ஐத் திறந்துவைத்திருக்கிறது. யூபிஎன்பியை அணைத்தால் புதிய கோரிக்கைகள்தான் நிற்கும். ஏற்கெனவே எழுதிய வரியைப் பல ரூட்டர்கள் அழிப்பதில்லை. சில ரூட்டர்கள் அந்தப் பட்டியலைக் கோப்பில் வைத்துக்கொண்டு, மறுபடி ஓடத் தொடங்கும்போது ஏற்றியும் விடுகின்றன.

இன்னொரு சிக்கல், அணைத்த நிலையில் பட்டியலைப் பார்க்கவும் முடியாது. ரூட்டர் பதிலே சொல்லாது. அதனால் வரிசை முக்கியம். முதலில் ரெக்கார்டரின் நெட்வொர்க் பக்கத்தில் அதன் யூபிஎன்பியை அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழித்த கையோடு அது மறுபடி எழுதிவிடும். பிறகு ரூட்டரில் சிறிது நேரம் மட்டும் யூபிஎன்பியைத் திறந்து, ஒரு கணினியில் `miniupnpc` நிறுவி இதை ஓட்டுங்கள்:

```
upnpc -l
```

வருவதை இங்கே போடுங்கள். பொது ஐபியை மட்டும் மறைத்துவிடுங்கள்.

மாடிப்படி:
```
0 TCP  8000->192.168.1.64:8000  'NVR' '' 0
```
இதுதான் வந்தது. 554 இதில் இல்லையே?

தண்டவாளம்:
கடைசியில் இருக்கும் 0தான் கவனிக்க வேண்டியது. அது அந்த வரியின் ஆயுள், நொடிக் கணக்கில். 0 என்றால் பெரும்பாலும் காலவரையே இல்லை. யாரும் அழிக்காவிட்டால் அப்படியே கிடக்கும். இப்போது

```
upnpc -d 8000 TCP
```

ஓட்டிவிட்டு, மறுபடி `upnpc -l` பார்த்து, காலியாக இருந்தால் ரூட்டரில் யூபிஎன்பியை அணையுங்கள்.

554 இந்தப் பட்டியலில் இல்லை என்றால் அது யூபிஎன்பி வழியாக வந்ததாக இருக்காது. ரூட்டரில் `Port Forwarding` அல்லது `Virtual Server` என்ற பக்கத்தைப் பாருங்கள். கேமரா பொருத்தியவர்கள் கையாலேயே ஒரு வரி எழுதிவிட்டுப் போவது வழக்கம்.

பூவரசு:
நான் கேட்பது வேறு. வீட்டுக்குள் ஒரு கெட்ட நிரல் வந்துவிட்டால் அது தானே வெளியே பேசிக்கொள்ளும். அதற்கு எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். அப்புறம் யூபிஎன்பியை அணைத்து என்ன லாபம்? இதெல்லாம் வீண் பயம்.

கடப்பாறை:
அப்படிப் போடுங்கள்! நானும் இதைத்தான் பல காலமாகச் சொல்கிறேன்.

தண்டவாளம்:
@பூவரசு நிரலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த இழையில் கெட்ட நிரலே இல்லை. நல்ல ரெக்கார்டர்தான், தன் உள்நுழைவுப் பக்கத்தை உலகத்துக்கே திறந்துவைத்தது; வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதன் மென்பொருள் பழையதாகவோ, கடவுச்சொல் பெட்டியில் வந்ததாகவோ இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

இரண்டாவது, இந்த நெறிமுறையில் கடவுச்சொல்லே கேட்பதில்லை. கேட்கும் கருவி தனக்கு மட்டுமல்ல, வேறொரு கருவிக்கும் சேர்த்துத் திறக்கச் சொல்லலாம். ஒரு மின்விளக்கு உங்கள் கணினியின் போர்ட்டைத் திறக்கலாம். `secure_mode` என்ற அமைப்பு உள்ள ரூட்டர்களில் அது இயங்கினால் கேட்டவருக்கு மட்டும்தான் திறக்கும். எல்லா ரூட்டரிலும் இல்லை.

நிலாமுற்றம்:
ரூட்டரே யூபிஎன்பியை இணையத்தின் பக்கம் காட்டிக்கொண்டு நின்ற கதையும் உண்டு. 2013இல் ராபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வில் 8 கோடிக்கும் மேற்பட்ட ஐபிகள் வெளியிலிருந்து கேட்டாலும் பதில் சொல்லின. 2018இல் அகமாய் கண்டது இன்னும் மோசம்: தாக்குபவர்கள் வெளியிலிருந்தே ரூட்டரில் வரிகளை எழுதி, உள்ளே இருக்கும் கணினிகளின் கோப்புப் பகிர்வுப் போர்ட்டுகளான 139, 445ஐத் திறந்திருந்தார்கள்.

பூவரசு:
அவை பழைய ரூட்டர்கள். என்னுடையது புதிது.

நிலாமுற்றம்:
புதிது என்று பெட்டியில் எழுதியிருக்கும். உள்ளே எந்தக் காலத்து மென்பொருள் என்று எழுதியிருக்காது.

கீரிப்பிள்ளை99:
டிவியில் கணினியிலிருந்து படம் பார்க்கிறேன், அதுவும் யூபிஎன்பிதானே? அணைத்தால் நின்றுவிடுமா?

தண்டவாளம்:
நிற்காது. டிவியும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. நீங்கள் அணைப்பது ரூட்டரின் போர்ட் திறக்கும் பகுதியை மட்டும். ரூட்டரில் செருகிய பென் டிரைவிலிருந்து படம் ஓட்டினால் அதற்குப் பெரும்பாலும் தனி அமைப்பு இருக்கும். கன்சோலுக்கு ஒரு நிலையான உள் ஐபி கொடுத்துவிட்டு, அந்தக் கன்சோல் கேட்கும் போர்ட்டை மட்டும் கையால் திறந்துவிடுங்கள். உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்தால் அதுவும் உதவாது.

கீரிப்பிள்ளை99:
ரூட்டரின் இணையப் பக்க ஐபி 100.72 என்று தொடங்குகிறது.

தண்டவாளம்:
அப்படியானால் பகிர்வுதான். 100.64 முதல் 100.127 வரை அதற்கென்றே ஒதுக்கியது. யூபிஎன்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உங்களை நேரடியாக எட்ட முடியாது. நேட் சிக்கலுக்குக் காரணம் வேறு இடத்தில்.

கீரிப்பிள்ளை99:
ஆனால் யூபிஎன்பி இருந்தபோது ஸ்ட்ரிக்ட் என்று காட்டவில்லையே?

மாடிப்படி:
554 கையால் எழுதிய வரியேதான், அந்தப் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் அழித்தாயிற்று. மொபைல் டேட்டாவில் பார்த்தால் இரண்டும் மூடியிருக்கின்றன. கேமரா போனில் இன்னும் தெரிகிறது, எப்படி என்று புரியவில்லை. நன்றி.

தண்டவாளம்:
ரெக்கார்டர், தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரோடு தானே வெளியே இணைத்துக்கொள்ளும்; போன் அந்த வழியாகப் பார்க்கிறது. போர்ட் தேவையில்லை. அந்தச் சர்வரை எவ்வளவு நம்பலாம் என்பது தனிக் கேள்வி. அப்புறம், உங்களுக்கு ஐபிவி6 இருக்கிறதா? இருந்தால் ரெக்கார்டருக்குத் தனிப் பொது முகவரி கிடைத்திருக்கலாம். அந்த முகவரிக்கும் ஒருமுறை வெளியிலிருந்து சோதித்துச் சொல்லுங்கள்.

பூவரசு:
அவர் போய்விட்டார் போலிருக்கிறது. எனக்கு ஐபிவி6 இருக்கிறது, எப்படிச் சோதிப்பது?