ஃபீல்ட் சேல்ஸ் ஆஃபர்: இன்சென்டிவ் விதிகளை எழுத்தில் வாங்குவது எப்படி?

ஃபீல்ட் சேல்ஸ் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் நிலையானது, 30 சதவீதம் இன்சென்டிவ். அந்த 30 எப்படிக் கணக்கிடப்படும் என்பதற்கு "கம்பெனி பாலிசிப்படி" என்று ஒரே வரிதான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ரெக்ரூட்டரிடம் போனில் கேட்டேன். டார்கெட்டில் 80 சதவீதத்தைத் தொட்டால்தான் இன்சென்டிவ் தொடங்கும், காலாண்டு முடிந்து அடுத்த மாதம் தருவோம் என்றார். அதாவது 100 யூனிட் டார்கெட்டில் 79 விற்றால் ஒன்றும் வராது. சரி, அதுகூடப் பரவாயில்லை. பில் போட்டதும் விற்பனை கணக்கில் ஏறுமா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா என்று கேட்டால் மழுப்புகிறார். பணம் வந்த பிறகுதான் என்றால், 60 நாள் கடனில் மார்ச்சில் விற்றது மே மாதம் கணக்கில் ஏறி, ஜூலையில்தான் என் கைக்கு வரும். நடுவில் வேலையை விட்டால் அது போச்சா?

மெயிலில் பாலிசி நகல் கேட்டேன். சேர்ந்த பிறகு மேனேஜர் விளக்குவார் என்று பதில். அந்த ஏரியாவில் முன்பு இருந்தவர் டார்கெட்டில் எவ்வளவு எட்டினார் என்றும் கேட்டேன். "எல்லாரும் நல்லா பண்றாங்க" என்றார். அது ஒரு பதிலா?

விற்பனை எப்போது கணக்கில் ஏறும், விலகினால் நிலுவை இன்சென்டிவ் கிடைக்குமா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கியவர்கள், ரெக்ரூட்டருக்கு மெயிலில் என்ன எழுதினீர்கள்?