டோட்டா 2: நடுவில் நெட் போனால் அந்த ஐந்து நிமிடம்

குகன்_சப்போர்ட்
ரேங்க்ட் மேட்ச் நடுவில் லைன் போய், பாதியில் விட்டுப் போனதாக அபாண்டன் வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையது இது.

நல்ல மழை. லேட் கேமில் எல்லா ஹீரோவும் அப்படியே உறைந்து நின்றுவிட்டார்கள். ஃபைபர் மோடத்தில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் வெளியே கேபிளிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது, நேரம்தான் போகும். அதனால் ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டேன். ஸ்டீம் மறுபடி ஆன்லைன் ஆனதும் Reconnect பட்டன் வந்தது. உள்ளே போகும்போது மூன்று நிமிடம் ஓடியிருந்தது.

ஃபோன் சிக்னலும் சரியில்லை. இன்னொரு முறை ஒன்றரை நிமிடம் விழுந்தது, திரும்பி வந்தேன். மூன்றாவது முறை விழுந்து ஒரு நிமிடத்துக்குள் வந்து பார்த்தால் அபாண்டன் ஆகியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்தால்தானே அபாண்டன்? நான் ஒரு முறைகூட ஐந்து நிமிடம் வெளியே இல்லையே, எப்படி?

மிட்லேன் மணி
ஐந்து நிமிடம் என்பது ஒவ்வொரு தடவைக்கும்தான். திரும்பி வந்தால் புதிதாக எண்ண ஆரம்பிக்கும். உங்களுக்கு ஏதோ பக் ஆகியிருக்கும். வேறு வழியே இல்லையென்றால் டீமை F9 அழுத்தி, கேமை நிறுத்தி வைக்கும் பாஸ் போடச் சொல்லுங்கள்.

செல்வி_ஆஃப்லேன்
மணி, பாஸ் போடச் சொன்னது சரி. ஆனால் எண்ணுவது அப்படியில்லை. அது மேட்ச் முழுவதற்குமான மொத்தக் கணக்கு. குகனுக்கு மூன்று நிமிடமும் ஒன்றரை நிமிடமும் போனபின் கையில் மிச்சமிருந்தது அரை நிமிடம்தான். மூன்றாவது முறை அது தீர்ந்துவிட்டது.

அதனால் முதல் துண்டிப்பிலேயே முடிந்தவரை சேமிக்க வேண்டும். நான் கேம் ஆடும்போது பின்னால் இரண்டு விண்டோ திறந்து வைப்பேன்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் வரியில் உங்கள் மோடத்தின் முகவரியைப் போடுங்கள், எல்லா வீட்டிலும் இதே எண் இருக்காது. லேக் வந்ததும் ஆல்ட்-டேப் அடித்துப் பார்ப்பேன். முதலாவது சீராக ஓடி இரண்டாவது மட்டும் நின்றால் கோளாறு வெளி லைனில். உடனே ஃபோனுக்கு மாறிவிடுவேன். முதலாவதே தடுமாறினால் வீட்டுக்குள் வைஃபை பிரச்சினை. அப்போது ஃபோன் டேட்டா தேவையில்லை, லேன் கேபிளை மாட்டினாலே போதும். இரண்டும் நன்றாக ஓடியும் கேம் மட்டும் உறைந்தால் பெரும்பாலும் சர்வர் பக்கம் அல்லது போகும் பாதையில் சிக்கல். அதற்கு நம்மால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

ரமேஷ்98
எனக்கும் பெனால்ட்டி வந்தது. மேட்ச் கிடைத்ததும் அக்செப்ட் அழுத்தவில்லை, அம்மா கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் தேடவே விடவில்லை. இதற்கு அப்பீல் உண்டா?

செல்வி_ஆஃப்லேன்
ரமேஷ், அது வேறு. அது கியூவுக்கான தடை, தானாகவே தீர்ந்துவிடும். நாம் பேசுவது அபாண்டன். அது விழுந்தால் லோ பிரயாரிட்டிக்குத் தள்ளிவிடும், அங்கே சிங்கிள் டிராஃப்டில் ஆடி ஜெயித்துத்தான் வெளியே வர வேண்டும். வெறுமனே ஆடினால் எண்ணிக்கை குறையாது. ரேங்க்ட் என்றால் டீம் ஜெயித்தாலும் விட்டுப் போனவருக்குத் தோல்விதான்.

பாலா_தேனி
எங்கள் பக்கம் பவர் கட் அதிகம். லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் அணைந்துவிடும். கரண்ட் வந்தபின் அது எழுந்து லைன் பிடிக்கவே சில நிமிடம் ஆகும், பாதி நேரம் அதிலேயே போய்விடும். மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி மாட்டினேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, திரும்பி வந்தாலும் ஆடாமல் நிற்கக் கூடாது. என் தம்பி மீண்டும் இணைந்தும் லேக் என்று ஃபவுண்டனிலேயே நின்றான். ஐந்து நிமிடம் அனுபவப் புள்ளி எதுவும் ஏறாததால் அவனுக்கும் அபாண்டன் விழுந்தது. லேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாலாவது ஏறும்.

குகன்_சப்போர்ட்
கணக்கு புரிந்துவிட்டது, நன்றி செல்வி. அன்று என் டீம் ஆள் ஒருவர், நான் துண்டிக்கப்பட்ட உடனேயே "இனி ஆடிப் பயனில்லை" என்று எழுதிவிட்டு வெளியேறியிருக்கிறார். அவருக்கும் விழுமா?

செல்வி_ஆஃப்லேன்
விழும். நீங்கள் அப்போது துண்டிக்கப்பட்டவர் மட்டுமே, அபாண்டன் ஆகவில்லை. வெளியேறலாம், பாதுகாப்பானது என்று கேமே செய்தி காட்டும் வரை மற்ற நால்வரும் இருந்தாக வேண்டும்.

மிட்லேன் மணி
சரி, மொத்தக் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். பாஸ் போட்டிருக்கும்போது அந்த ஐந்து நிமிடம் ஓடுமா, நிற்குமா?

பாலா_தேனி
ஓடியது போலத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. யாராவது நண்பர்களோடு சேர்ந்து அன்ரேங்க்டில் பார்த்துச் சொல்லுங்கள்.